மனையா, அடுக்குமாடி வீடா?



கையில் கொஞ்சம் பெரிய தொகை வந்தால், அதை ரொம்ப நாளைக்கு நிற்கிற மாதிரி எதில் போடுவது? வெளியூரில் ஒரு மனை வாங்குவதா, சென்னையில் கட்டி முடிச்ச வீடு வாங்குவதா? இதைப் பற்றித்தான் பேசச் சொன்னார்கள். நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். ஆனால் இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் ஆறு மாசம் ஓடியது. அந்த ஆறு மாசத்தில் தெரிஞ்சுகிட்டதை உங்களுக்குச் சொல்றேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். நம்ம ஊர்ப் பக்கம் வீட்டு மனைக்கும் "பிளாட்"டுன்னுதான் பேர். சென்னையில் அடுக்குமாடி வீட்டுக்கும் "பிளாட்"டுன்னுதான் பேர். "என் மச்சான் பிளாட் வாங்கிட்டான்"னு ஒருத்தர் சொன்னால், எதை வாங்கினார்னு திருப்பிக் கேட்கணும். பேர் ஒண்ணு, பொருள் வேற. மனையில் நாம வாங்குவது முழுக்க முழுக்க மண். அடுக்குமாடி வீட்டில் நாம வாங்குவது கொஞ்சம் மண், மீதி சுவர். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிஞ்சுகிட்டால் மற்றதெல்லாம் தானா விளங்கும். அதனால் நான் இனிமே மனைன்னும் மாடி வீடுன்னும் பிரிச்சே சொல்றேன்.

எங்க ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். எங்க மாமனார் உழுத நிலத்தில் ஒரு துண்டு ரோடு அகலப்படுத்த எடுத்துகிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் பங்குக்கு 22 லட்சம் வந்தது. இனிமே அப்படி ஒரு பணம் எங்க குடும்பத்துக்கு வரப் போறது இல்லை. பெரிய பொண்ணு ஆறாவது படிக்கிறாள். அவள் மேல்படிப்புக்கும், பின்னாடி சின்னவனுக்கும் இந்தப் பணம்தான். எங்க வீட்டுக்காரர் வேன் ஓட்டுறார். ஒரு மாசம் 25 ஆயிரம் வரும், ஒரு மாசம் 12 ஆயிரம்தான் வரும். கொழுந்தனார் தாம்பரத்தில் வேலை செய்றார். அவர் "அங்கே மாடி வீடு வாங்குங்க அண்ணி, மாசம் வாடகை வரும்"னார். எங்க வீட்டுக்காரர் "போன மண்ணுக்கு மண்ணா வாங்கணும்"னார். ரெண்டு பேரும் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் ரெண்டையும் பேப்பரில் எழுதிப் பார்த்தோம். எங்க குழுவில் கணக்கு எழுதுற தங்கச்சி கூட உட்கார்ந்தாள்.

மாடி வீட்டுக் கணக்கை முதலில் சொல்றேன். தாம்பரத்துக்கு உள்ளே தள்ளி, எட்டு வருஷம் பழைய கட்டடம், 600 சதுர அடி, ஒரு படுக்கையறை. விலை 28 லட்சம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதத்துக்கு 2 லட்சத்து 52 ஆயிரம். தரகு 28 ஆயிரம். மொத்தம் 30 லட்சத்து 80 ஆயிரம். எங்க கையில் 22. மீதி 8 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வங்கிக் கடன். 9 சதவீத வட்டியில் பத்து வருஷத்துக்குப் போட்டால் மாசத் தவணை ஏறக்குறைய 11,150 ரூபாய். அந்த வீட்டுக்கு வர்ற வாடகை 8,000. அப்போ வாடகை வந்தும் கூட மாசம் 3,150 ரூபாய் நாங்க கையில் இருந்து போடணும். வேன் ஓடாத மாசத்தில் அது எங்கிருந்து வரும்?

வாடகையையும் முழுசா கணக்கில் வைக்கக் கூடாதுன்னு கொழுந்தனாரே சொன்னார். ஆள் மாறும்போது ஒரு மாசம் காலியாக் கிடக்கும். சொத்து வரி கட்டணும். குழாய் ஒழுகும், வெள்ளையடிக்கணும். அதெல்லாம் போக வருஷத்துக்கு 75 ஆயிரம் நிக்கும்னு வெச்சோம். 30 லட்சத்து 80 ஆயிரம் போட்டு 75 ஆயிரம்னா, நூத்துக்கு இரண்டரை ரூபாய் கூட முழுசா இல்லை. வங்கியில் சும்மா போட்டு வைத்தாலே இதைவிடக் கூட வரும். அப்போ மாடி வீட்டில் லாபம் வாடகையில் இல்லை, விலை ஏறினால்தான்.

விலை எங்கே ஏறும்? இங்கேதான் நான் முதலில் சொன்ன மண்ணும் சுவரும் வருது. மாடி வீட்டுப் பத்திரத்தில் "பிரிபடாத பாகம்"னு ஒரு வரி இருக்கும். யு.டி.எஸ்.னு சொல்லுவாங்க. கட்டடம் நிற்கிற இடத்தில் நம்ம பங்கு எவ்வளவுன்னு அதில்தான் இருக்கு. அந்தக் கட்டடம் நிற்கிறது ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. எட்டு வீடு. ஆளுக்கு 300 சதுர அடி. அந்தத் தெருவில் காலி இடம் சதுர அடி 4,500ன்னு போகுது. 300 அடிக்கு 13 லட்சத்து 50 ஆயிரம். அப்போ 28 லட்சத்தில் மண்ணுக்குப் பாதிக்குக் கீழே, மீதி பதினாலரை லட்சம் சுவருக்கு. மண்ணு ஏறலாம். சுவர் ஏறாது, வருஷா வருஷம் பழசாகும். இன்னும் பத்து வருஷம் போனால் அது பதினெட்டு வருஷக் கட்டடம். வாங்க வர்றவர் நம்மளை மாதிரி மண்ணையும் சுவரையும் பிரிச்சுக் கணக்குப் போட மாட்டார்தான். ஆனால் பழைய கட்டடம்னு குறைச்சுக் கேட்பார்.

இப்போ மனைக் கணக்கு. திண்டிவனம் நகராட்சி எல்லைக்குள்ளே, 1,200 சதுர அடி, சதுர அடி 1,100 ரூபாய். 13 லட்சத்து 20 ஆயிரம். 9 சதவீதத்துக்கு 1 லட்சத்து 19 ஆயிரம். வக்கீல், சர்வேயர், கல் நட்டு வேலி போட்டது எல்லாம் சேர்த்து 61 ஆயிரம். மொத்தம் 15 லட்சம். கடன் இல்லை. மீதி 7 லட்சம் கையில் இருக்கு. அதை வைப்பு நிதியில் போட்டு 7 சதவீதம்னு வெச்சால் வருஷம் 49 ஆயிரம் வட்டி. மனையில் இருந்து ஒரு பைசா வராது. காலிமனை வரிதான் நாம கட்டணும்.

இதைக் கேட்டு மனைதான் ஜெயிச்சதுன்னு நினைச்சுடாதீங்க. மனை விற்கிறவங்க ஒரு வார்த்தை சொல்லுவாங்க. "பத்து வருஷத்தில் ரெண்டு மடங்கு ஆயிடும்மா." கேட்கப் பெரிசா இருக்கு. ஆனால் 7 சதவீத வட்டியில் போட்டு, வட்டியை எடுக்காமல் விட்டால், வங்கியிலும் பத்து வருஷத்தில் ஏறக்குறைய ரெண்டு மடங்குதான். அதுக்கு வேலியும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். நாங்க போட்ட 15 லட்சம் வங்கியில் இருந்தால் இருபத்தொன்பதரை லட்சம் ஆகியிருக்கும். அந்த அளவு மனையில் வரணும்னா 1,100க்கு வாங்கின சதுர அடி 2,450க்கு விற்கணும். இதுதான் மனைக்கான பரீட்சை. ரெண்டு மடங்கு என்பது லாபம் இல்லை, அங்கேதான் லாபமே ஆரம்பிக்குது.

அதே பரீட்சையை மாடி வீட்டுக்கும் வெச்சோம். வர்ற வாடகையையும் வட்டியோட சேர்த்துக்கிட்டோம். அப்படியும் அந்த வீடு பத்து வருஷத்தில் 50 லட்சத்துக்குப் போகணும். பழைய சுவருக்கு 10 லட்சம்னு வெச்சால், 300 அடி மண்ணு மட்டும் 40 லட்சம் ஆகணும். அதாவது 4,500 ரூபாய் இடம் 13,000க்கு மேலே, ஏறக்குறைய மூணு மடங்கு. மனைக்கு ரெண்டேகால் மடங்கு போதும், மாடி வீட்டு மண்ணுக்கு மூணு மடங்கு வேணும். எங்க கணக்கில் வித்தியாசம் அதுதான். உங்க ஊரில், உங்க விலையில் இது மாறும். ஆனால் போடுற முறை இதுதான்: மண்ணு எவ்வளவு, சுவர் எவ்வளவு, வங்கியில் போட்டிருந்தால் எவ்வளவு. இந்த மூணையும் எழுதிட்டு அப்புறம் பேசுங்க.

சரி, மனைன்னு முடிவு பண்ணினால் எந்த மனை? எங்களுக்கு இன்னொரு இடமும் காட்டினாங்க. ஊரைவிட்டு எட்டு கிலோமீட்டர் தள்ளி, ரோட்டோரம் வரவேற்பு வளைவு, கொடி எல்லாம் கட்டி, சதுர அடி 500 ரூபாய். எங்க பணத்துக்கு ரெண்டு மடங்குக்கு மேலே இடம் கிடைக்கும். எங்க வீட்டுக்காரருக்கு மனசு அங்கேதான் போச்சு. நான் ஒண்ணு செய்யலாம்னேன். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பதினைஞ்சு வருஷத்துக்கு முன்னாடி போட்ட பழைய மனைப்பிரிவு ஒண்ணு இருந்தது. உள்ளே போய் வீடுகளை எண்ணினோம். நூத்துக்கு மேலே மனை, கட்டினது நாலே வீடு. மத்ததெல்லாம் வேலிக்காத்தான் முள். கல்லு கூடத் தெரியலை. பதினைஞ்சு வருஷமா ஒருத்தரும் குடி வராத இடத்தில், நம்ம மனையை மட்டும் யார் வந்து வாங்குவாங்க? அங்கே மனை வெச்சிருக்கிறவங்க எல்லாருமே நம்மளை மாதிரி, விலை ஏறும்னு காத்துக்கிட்டு இருக்கிறவங்க. விற்கணும்னு நினைக்கிறவங்க நூறு பேர், குடியிருக்க வாங்கறவங்க யாரும் இல்லை.

அதனால் வெளியூர் மனைக்கு நான் சொல்ற முதல் பரிசோதனை, பக்கத்துப் பழைய மனைப்பிரிவில் வீடு எண்ணுங்க. ரெண்டாவது, அதே ஏரியாவில் மனையை விற்கிறவங்களா நடிச்சுக் கேளுங்க. "என்கிட்ட இங்கே ஒரு மனை இருக்கு, என்ன விலைக்கு எடுத்துப்பீங்க"ன்னு தரகர்கிட்ட கேட்டால், அவர் சொல்றதுதான் உண்மையான விலை. நாங்க கேட்டோம். 500 சொன்ன இடத்தில் "320க்கு ஆள் பார்க்கலாம், அதுவும் உடனே ஆகாது"ன்னார். மூணாவது, மழைக்காலத்தில் போய்ப் பாருங்க. சித்திரையில் எல்லா இடமும் மேடாத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் போனால் தண்ணி எங்கே நிக்குதுன்னு அந்த மண்ணே சொல்லும். ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சையைத் தூர்த்து மனை போட்டது நம்ம பக்கம் நிறைய.

மனையில் ஆபத்து பேப்பரில்தான் இருக்கும். அதனால் பேப்பரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன்.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கும்மா"ன்னு சொன்னால் நம்பாதீங்க. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிறது ஊராட்சித் தலைவர் வேலை இல்லை. நம்ம பக்கம் நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டி.டி.சி.பி. ஒப்புதல் வேணும். அவங்க ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில் எண் இருக்கும். ரோடு எது, பூங்கா எது, மனை எதுன்னு குறிச்சிருக்கும். நம்ம மனை எண்ணை அந்த வரைபடத்தில் விரல் வெச்சுப் பார்க்கணும். பூங்காவுக்கு விட்ட இடத்தையே மனைன்னு காட்டி விற்கிறவங்களும் உண்டு. 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி போட்ட அனுமதி இல்லாத மனைகளை வரன்முறை செய்ய அரசு வழி வெச்சது. அப்படிப்பட்ட மனைன்னா, அந்த மனைக்கே வரன்முறை ஆணை இருக்கான்னு கேளுங்க. "பக்கத்து மனைக்கு இருக்கு, உங்களுக்கும் வாங்கிடலாம்"ங்கிற பேச்சு வேண்டாம். புதுசா போடுற மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேலேன்னா, ரெரா பதிவு எண்ணும் இருக்கணும்.

அடுத்தது வில்லங்கச் சான்று, இ.சி.ன்னு சொல்றது. tnreginet.gov.in தளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் காசு இல்லாமல் பார்க்கலாம். செல்போனிலேயே வரும். முப்பது வருஷத்துக்கு எடுங்க. யார்கிட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு சங்கிலி மாதிரி வரும். அதில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் வக்கீல்கிட்ட காட்டாமல் முன்பணம் கொடுக்காதீங்க. அந்தச் சர்வே எண்ணில் மத்த மனைகள் என்ன தொகைக்குப் பதிவாச்சுன்னும் அதில் தெரியும். பட்டா யார் பேரில் இருக்குன்னு eservices.tn.gov.in தளத்தில் பார்க்கலாம். விற்கிறவர் பேரும் பட்டாவில் இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும்.

இதில் நம்ம பெண்கள் எல்லாரும் கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பூர்வீக நிலத்தைப் பிரிச்சு மனை போட்டிருந்தால், அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் கையெழுத்துப் போட்டிருக்காங்களான்னு பாருங்க. அண்ணன் தம்பி மட்டும் போட்டிருப்பாங்க. "அவங்களைக் கட்டிக் கொடுத்துட்டோம், அவங்களுக்கு என்ன"ம்பாங்க. சட்டப்படி மகளுக்கும் பங்கு உண்டு. நாளைக்கு அந்த அக்கா கோர்ட்டுக்குப் போனால் மாட்டிக்கிறது நாமதான். எங்களுக்கு மனை விற்ற வீட்டில் மூணு பிள்ளைங்க, ரெண்டு பொண்ணுங்க. சின்னப் பொண்ணு பாண்டிச்சேரியில் இருக்காங்க. வாரிசுச் சான்றில் அவங்க பேர் இருந்தது, பத்திரத்தில் இல்லை. எங்க வக்கீல் அம்மா, அவங்க வந்து கையெழுத்துப் போடாமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. ரெண்டு மாசம் தள்ளிப் போச்சு. வந்தாங்க, அவங்க பங்குப் பணத்தைத் தனியாக் கணக்கில் வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. அந்த அக்கா போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க கேட்டதால்தான் எனக்கு இது கிடைச்சது"ன்னாங்க. நாங்க கேட்டது எங்க பாதுகாப்புக்கு. ஆனால் அது அவங்களுக்கும் நியாயமாப் போச்சு.

பத்திரம் முடிஞ்சதோட வேலை முடியலை. பட்டாவை நம்ம பேருக்கு மாத்தணும். சர்வேயரை வெச்சு அளந்து நாலு மூலையிலும் கல் நடணும். வரி ரசீது நம்ம பேரில் இருக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கணும், அப்போ இ.சி.யையும் ஒரு தடவை பார்த்துக்கணும். காலி மனைக்குக் காவல் நம்ம கண்ணுதான். போய்ப் பார்க்க முடியாத தூரத்தில் மனை வாங்காதீங்க. எங்க மனை பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சந்தைக்குப் போகும்போது பார்த்துட்டு வந்துடறேன்.

மாடி வீட்டில் ஆபத்து சுவரில் இருக்கும். பேப்பரும் பார்க்கணும்தான். பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடின்னு பத்திரத்தில் எழுதியிருக்கணும். அனுமதி வாங்கின வரைபடத்தில் எத்தனை மாடி, எத்தனை வீடு, நேரில் எத்தனைன்னு எண்ணணும். அனுமதி மூணு மாடிக்கு, நிற்கிறது நாலு மாடின்னா, அந்த நாலாவது மாடி வீட்டை வாங்கறவங்களுக்குத்தான் தலைவலி. அப்புறம் சுவரைப் பாருங்க. கழிவறைக்குக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இருக்கான்னு கீழ்வீட்டுக்காரங்ககிட்ட கேளுங்க. மாடிப்படிக்கு அடியில், தூணில் சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரியுதான்னு பாருங்க. கோடையில் தண்ணி லாரி வருதான்னு கேளுங்க. கட்டி முடிச்ச வீட்டில் இது ஒரு வசதி, எல்லாத்தையும் கண்ணால் பார்த்துட்டு வாங்கலாம். கட்டடம் ரொம்பப் பழசாகி இடிச்சுக் கட்டணும்னா, எட்டு வீட்டுக்காரங்களும் கூடிப் பேசணும். இப்போ புதுச் சட்டப்படி மூணில் ரெண்டு பங்கு பேர் ஒத்துக்கிட்டால் போதும். ஆனாலும் அது தனி ஆள் முடிவு இல்லை. மனையில் என் இஷ்டம், மாடி வீட்டில் எட்டு பேர் இஷ்டம்.

இவ்வளவும் சொன்னதால் மாடி வீடு கூடாதுன்னு அர்த்தம் இல்லை. எங்க பக்கத்துக் குழுவில் ஒரு அக்கா இருக்காங்க. வீட்டுக்காரர் இறந்து, அவர் வேலை செஞ்ச இடத்துப் பணம் வந்தது. மகன் தாம்பரத்தில் வேலை, மாசம் 9,000 வாடகை கொடுத்துக்கிட்டு இருந்தான். அவங்க மாடி வீடு வாங்கினாங்க, கடன் இல்லாமல். மகன் அதில் குடியிருக்கான். மாசம் 9,000 மிச்சம், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லுவாரோன்னு பயம் இல்லை. அவங்களுக்கு விலை ஏறுதோ இல்லையோ, வீடு வேலை செய்யுது. இதே அக்கா திண்டிவனத்தில் மனை வாங்கியிருந்தால், மகன் வாடகையும் கட்டிக்கிட்டு, காலி மனைக்கு வரியும் கட்டிக்கிட்டு இருந்திருப்பான். அதனால் நான் பார்த்த வரைக்கும், நம்ம வீட்டு ஆளே குடியிருக்கப் போறதா இருந்தாலோ, மாசா மாசம் வருமானம் கட்டாயம் வேணும், கடனும் வாங்க வேண்டாம்னாலோ, மாடி வீடு. பத்து வருஷம் தொட வேண்டாம், பக்கத்தில் இருந்து பார்த்துக்க முடியும்னால், மனை. அஞ்சு வருஷத்துக்குள் பணம் வேணும்னா ரெண்டுமே வேண்டாம். வாங்கும்போது 9 சதவீதம் கொடுத்தது திரும்பி வரவே அவ்வளவு நாள் ஆகும். மனையை அவசரத்துக்கு விற்கப் போனால், நம்ம அவசரத்தைத்தான் முதலில் விலை பேசுவாங்க.

அதனால்தான் நாங்க 22 லட்சத்தையும் மண்ணில் போடலை. பொண்ணு கல்லூரிக்குப் போறது ஏழு வருஷத்தில். அந்தப் பணம் வைப்பு நிதியில் இருக்கிற 7 லட்சத்தில் இருந்து வரும். மனை அதுக்கு அப்புறம்தான்.

கடைசியா ரெண்டு விஷயம். நம்ம குழுக் கூட்டங்களுக்கே மனை விற்கிறவங்க வர ஆரம்பிச்சிருக்காங்க. மாசம் ரெண்டாயிரம் கட்டுங்க, அஞ்சு வருஷம் கழிச்சுப் பத்திரம்பாங்க. ஊக்குநருக்கு ஆள் பிடிச்சுக் கொடுத்தால் கமிஷன்பாங்க. இலவச பஸ், பிரியாணி, வெள்ளிக் காசு எல்லாம் உண்டு. அஞ்சு வருஷம் நாம கட்டுற பணத்துக்கு நம்ம கையில் இருக்கிறது ஒரு ரசீதுப் புத்தகம் மட்டும்தான். அந்த மண்ணு அதுவரைக்கும் அவங்க பேரில், அவங்க அடமானம் வைக்கலாம், வேற ஆளுக்கும் விற்கலாம். பணம் கொடுத்த அன்னைக்கே பத்திரம் ஆகாத மனையை வாங்காதீங்க. குழுக் கடனை எடுத்து மனையில் போடாதீங்க. ஆடு வாங்கினால் குட்டி போட்டுத் தவணை கட்டும். மனை தவணை கட்டாது.

இன்னொண்ணு, யார் பேரில் வாங்கறது. 10 லட்ச ரூபாய்க்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிவு செஞ்சால், பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைச்சிருக்காங்க, 2025 ஏப்ரலில் இருந்து. எங்களுடையது அந்த அளவைத் தாண்டிட்டதால் சலுகை கிடைக்கலை. அப்படியும் எங்க வீட்டுக்காரரும் நானும் சேர்ந்தே பத்திரம் போட்டோம். அவர் அப்பா நிலம், அதனால் அவர் பேர். ஆறு மாசம் வீடு எண்ணி, பேப்பர் தேடி, கணக்குப் போட்டது நான், அதனால் என் பேர். இதை நான் சொல்லலை, அவரே சார்பதிவாளர் ஆபீஸில் சொன்னார். இனிமே அந்த மனையை விற்கணும்னாலும் அடமானம் வைக்கணும்னாலும் ரெண்டு கையெழுத்து வேணும்.

வீட்டில் பத்திரப் பெட்டி இருந்தால் இன்னைக்குப் போய்த் திறந்து பாருங்க. மனைன்னா ஒப்புதல் எண் இருக்கா, பட்டா யார் பேரில் இருக்கு, மாடி வீடுன்னா பிரிபடாத பாகம் எத்தனை அடி. தெரியலைன்னா அடுத்த கூட்டத்துக்கு நகல் எடுத்துட்டு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து படிச்சுப் பார்ப்போம்.